திரை நேரம் குறைந்துவிட்டது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. எங்கே தவறுகிறது?

கரையோரம்

வணக்கம். வயது 41. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இரவு படுத்த பிறகு போனைத் தள்ளிக்கொண்டே கிடக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சில வாரங்களுக்கு முன் என் ஆண்ட்ராய்டு போனில் Digital Wellbeing பகுதியைத் திறந்து பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 4 மணி 20 நிமிடம் என்று காட்டியது. உடனே இன்ஸ்டாகிராமுக்கு 45 நிமிடம், யூடியூபுக்கு 45 நிமிடம் என்று வரம்பு வைத்தேன். நேரம் முடிந்ததும் செயலியின் படம் சாம்பல் நிறமாகிவிடும், திறக்காது. வரம்பை நான் நீட்டுவதே இல்லை. இப்போது சராசரி 3 மணி நேரம்தான்.

ஆனால் காலை 6 மணிக்கு எழும்போது கண் எரிச்சலும் தலைப்பாரமும் முன்பு போலவே இருக்கின்றன. தினமும் 80 நிமிடம் மிச்சமாகிறது என்று கணக்கு சொல்கிறது. அந்த 80 நிமிடம் தூக்கத்தில் சேரவில்லை. வரம்பை 30 நிமிடமாக இறுக்கினால் சரியாகுமா? இதே போல வரம்பு வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நீலவானம்

நண்பரே, நேரத்தைப் பார்க்காதீர்கள், ஒளியைப் பாருங்கள். திரையிலிருந்து வரும் நீல ஒளி, உடலில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது. மாலை 7 மணிக்கே திரையை மஞ்சளாக்கிவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அதன் பிறகு எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. வரம்பெல்லாம் தேவையே இல்லை.

மலர்விழி_அம்மா

நல்ல நேரத்தில் இழையைத் தொடங்கினீர்கள். என் மகன் பத்தாம் வகுப்பு. இரவு 11 மணிக்குப் போனைப் பிடுங்கினால் வீடே அதிர்கிறது. அவன் போனில் இந்த வரம்பை அவனுக்குத் தெரியாமல் எப்படி வைப்பது?

கரையோரம்

சகோதரி, நான் கேட்டது என்னுடைய போனைப் பற்றி. பிள்ளைகளுக்கான பெற்றோர் கட்டுப்பாடு வேறு ஏற்பாடு, அதற்குத் தனி இழை தொடங்கினால் விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

நிழற்கோடு

பயனர்கள் ஒரு செயலியை எந்த நேரத்தில் திறக்கிறார்கள், எப்போது மூடுகிறார்கள் என்ற தரவைப் பார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன். கரையோரம் சார், நாள் மொத்தத்தை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு வேலை நாளை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு செயலிகளையும் எந்தெந்த மணியில் எத்தனை நிமிடம் பயன்படுத்தினீர்கள் என்று பார்த்து எழுத முடியுமா? சில போன்களில் செயலியின் பெயரைத் தொட்டாலே மணிவாரியாகக் காட்டும். அதே நாளில் வேறு எந்தச் செயலி அதிகமாக ஓடியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வேண்டாம். தன் போன் பயன்பாட்டை நினைவிலிருந்து சரியாகச் சொல்பவர்கள் குறைவு.

நீலவானம், உங்களுக்கும் ஒரு பதில். ஒளிக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. படுக்கும் முன் 4 மணி நேரம் ஒளிரும் பலகைக் கணினியில் படித்த இரவுகளையும் அச்சுப் புத்தகம் படித்த இரவுகளையும் ஒப்பிட்டார்கள். திரையில் படித்த இரவுகளில் மெலடோனின் சுரப்பு தாமதமானது உண்மை. ஆனால் தூங்கத் தொடங்குவதில் வந்த வித்தியாசம் ஏறத்தாழ 10 நிமிடம். அதுவும் முழு வெளிச்சத்தில், 4 மணி நேரம் படித்ததற்கு. ஐபோனில் திரையை மஞ்சளாக்கும் Night Shift வசதியை 18 முதல் 24 வயது வரையான 167 பேரிடம் சோதித்த 2021ஆம் ஆண்டு ஆய்விலோ, அதைப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தூக்கத்தில் வேறுபாடு தெரியவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், “எவ்வளவு நேரம் பார்த்தாலும்” என்று. தூக்கத்தைத் தின்பது அந்த நேரம்தான்.

பொதிகை67

எனக்கு ஓய்வு பெற்ற வயது. இரவில் யூடியூபில் சொற்பொழிவு போட்டுவிட்டுப் படுப்பேன், கேட்டபடியே உறங்கிவிடுவேன். போன் என்னவோ நான் இரவில் 5 மணி நேரம் திரை பார்த்ததாகக் காட்டுகிறது. மகள் பார்த்துவிட்டுப் பதறுகிறாள். இந்தக் கணக்கை எப்படி நம்புவது?

நிழற்கோடு

ஐயா, போனுக்குத் தெரிந்தது திரை எரிகிறதா, எந்தச் செயலி முன்னால் நிற்கிறது என்பது மட்டும்தான். எதிரில் கண் திறந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் சொற்பொழிவு முடிந்ததும் ஓட்டம் நின்று, சிறிது நேரத்தில் திரையும் அணைந்துவிடும். மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: இரவில் ஒரே செயலி, இடையில் ஒரு முறைகூட மாறாமல் மணிக்கணக்கில் ஓடியிருந்தால் அது பெரும்பாலும் தூங்கியவரின் போன். விழித்திருப்பவர் செயலி விட்டுச் செயலி தாவிக்கொண்டிருப்பார்.

கரையோரம்

நிழற்கோடு கேட்டபடி கடந்த செவ்வாய்க்கிழமையின் கணக்கை எடுத்தேன்.

இன்ஸ்டாகிராம்: நள்ளிரவு 12 முதல் 1 மணிக்குள் 38 நிமிடம். பகல் தேநீர் இடைவேளையில் 7 நிமிடம். மொத்தம் 45.

யூடியூப்: நள்ளிரவு 12 முதல் 1 மணிக்குள் 14 நிமிடம், 1 முதல் 2 மணிக்குள் 20 நிமிடம், மாலையில் 11 நிமிடம். மொத்தம் 45.

குரோம் உலாவி: இரவு 11 முதல் 12 மணிக்குள் 40 நிமிடம்.

குரோமில் என்ன பார்த்தேன் என்று வரலாற்றைத் திறந்தேன். செய்தித் தளங்கள், கிரிக்கெட் ஸ்கோர், நடுவில் இன்ஸ்டாகிராமின் இணையப் பக்கம். இதை எழுதும்போதே ஏதோ புரிகிறது. ஆனாலும் நீங்கள் சொல்லுங்கள்.

நிழற்கோடு

சார், உங்கள் வரம்பு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அது பிடிப்பது பகலை. ஆண்ட்ராய்டிலும் சரி, ஐபோனிலும் சரி, செயலி வரம்பு நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. செவ்வாய்க்கிழமைக்குரிய 90 நிமிடத்தில் 72 நிமிடத்தை, செவ்வாய் பிறந்த முதல் 80 நிமிடத்துக்குள்ளேயே செலவழித்துவிட்டீர்கள். மிச்சம் 18 நிமிடம்தான், அதனால் பகலிலும் மாலையிலும் செயலிகள் பூட்டிக்கொண்டன. இரவு 11 மணிக்குப் படுத்தீர்கள், செயலி திறக்கவில்லை, உலாவிக்குப் போனீர்கள். 12 மணி அடித்ததும் புதிய 45 நிமிடங்கள் இரண்டு கிடைத்தன. 1.20 வரை ஓடியது. முன்பு மதிய உணவு நேரத்திலும் பஸ்ஸிலும் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் குறைந்திருக்கிறது. நீங்கள் மிச்சப்படுத்திய 80 நிமிடம் பகலிலிருந்து வந்தது. அது எப்படித் தூக்கத்தில் சேரும்?

வரம்பை 30 ஆக்கினாலும் இதுவே நடக்கும். பகல் இன்னும் சுத்தமாகும், நள்ளிரவுக்கான காத்திருப்பு அதிகமாகும்.

இன்னொன்று. நாள்வாரி வரைபடம் இடது ஓரத்தில் நள்ளிரவில் தொடங்கி வலது ஓரத்தில் அடுத்த நள்ளிரவில் முடிகிறது. ஆகவே ஒரே இரவு இரண்டாக வெட்டப்பட்டு, முதல் பாதி நேற்றைய படத்தின் வலக்கோடியிலும் மறு பாதி இன்றைய படத்தின் இடக்கோடியிலும் போய் நிற்கிறது. இடக்கோடியில் நிற்கும் கோடுகளைப் பலர் “காலையில் எழுந்ததும் பார்த்தது” என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். நேற்றின் வலக்கோடியையும் இன்றின் இடக்கோடியையும் ஒட்டிப் பாருங்கள். கடைசியாகப் போனைக் கீழே வைத்த நேரம் எது என்று தெரியும். எனக்குத் தெரிந்து, இரவுப் பழக்கத்துக்கு உதவுகிற எண் அது ஒன்றுதான். அதைத் தலைமாட்டு நாட்காட்டியில் தினமும் குறித்து வாருங்கள். நாள் சராசரியைப் பார்க்கவே வேண்டாம்.

முகவரிஇல்லை

என் டேட்டாவும் இப்படித்தான். தினம் 2 ஜிபி திட்டம். 11.30க்குப் பார்த்தால் ஒரு ஜிபி மிச்சம் இருக்கும். வீணாகப் போகிறதே என்று வீடியோ பார்ப்பேன். 12 மணிக்குப் புதிய 2 ஜிபி வந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படுவதை இப்போதுதான் சேர்த்து யோசிக்கிறேன்.

கரையோரம்

மிக்க நன்றி. அப்படியானால் நள்ளிரவைத் தாண்டிப் பூட்டும் ஏற்பாடு எது? Bedtime mode போட்டுப் பார்த்தேன். திரை கறுப்பு வெள்ளையாகிறது, அறிவிப்புகள் ஓசையில்லாமல் வருகின்றன. ஆனால் எல்லாச் செயலிகளும் திறக்கின்றன.

நிழற்கோடு

ஆம், Bedtime mode எதையும் பூட்டாது. நிறம் போனால் ரீல்ஸின் கவர்ச்சி கொஞ்சம் குறையும். சிலருக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. உங்களுக்கு வேண்டியது அதே பகுதியில் இருக்கும் Focus mode. அதில் எந்தச் செயலிகளை நிறுத்துவது என்று தேர்ந்தெடுத்துவிட்டு, அட்டவணை போடலாம். இரவு 10.45 முதல் காலை 6 வரை என்று வையுங்கள். அது ஓர் இரவை ஓர் இரவாகவே எடுத்துக்கொள்ளும், 12 மணிக்கு எதுவும் புதுப்பிக்கப்படாது. பட்டியலில் குரோமையும் சேருங்கள். அது விடுபட்டால் மற்றவற்றைப் பூட்டி ஒரு பயனும் இல்லை. 45 நிமிட வரம்புகளை எடுத்துவிடுங்கள். மதியம் சாப்பிடும்போது 20 நிமிடம் ரீல்ஸ் பார்ப்பதால் உங்கள் தூக்கம் கெடவில்லை. பகலில் பட்டினி போட்டால் அந்தப் பசி இரவில்தான் வந்து நிற்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை Downtime செய்யும். ஆனால் வெறுமனே போட்டால், பூட்டின் மேலேயே “இன்றைக்கு மட்டும் விடு” என்ற வழியும் வரும். Screen Time கடவுச்சொல் ஒன்று வைத்து, அதைக் கணவரோ மனைவியோ தட்டட்டும். Block at Downtime என்பதையும் இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பெரியவர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பூட்டுக்கு இப்படிக் கடவுச்சொல் கிடையாது. Focus mode-இல் 5, 15, 30 நிமிட இடைவேளை எடுத்துக்கொள்ளும் பொத்தான் இருக்கிறது. பூட்டு வேலை செய்யவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பயன்பாட்டுப் பட்டியலில் Settings எந்த மணியில் வருகிறது என்று பாருங்கள். இரவு 11 மணிக்கு மேல் தினமும் அது தலைகாட்டினால் பூட்டை நீங்களே திறந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது மென்பொருளை விட்டுவிட்டுச் சார்ஜரைத் தூக்கிக் கூடத்தில் வைப்பதுதான் வழி.

கரையோரம்

கூடத்தில் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. அப்பா லால்குடி பக்கம் தனியாக இருக்கிறார், இதய நோயாளி. இரவில் அழைத்தால் கேட்க வேண்டும். அலாரமும் இதில்தான்.

சுந்தரபவனம்

தம்பி, எங்கள் வீட்டிலும் இதே கவலை இருந்தது. போனை ஓசையை முழுதாக வைத்துக் கூடத்தில் விடுங்கள். தொந்தரவு செய்யாதே அமைப்பில் அப்பாவின் எண்ணுக்கு விலக்குக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் நட்சத்திரக் குறியிட்ட எண்கள் என்று இருக்கும். அவர் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் சேருங்கள், ஆபத்தில் அவர்தான் முதலில் அழைப்பார். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும் வசதியும் அங்கேயே உண்டு. வைத்தபின் ஒரு நாள் இரவு அப்பாவை அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். அறைக் கதவை மூடினால் கேட்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அலாரத்துக்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினால் முடிந்தது.

வெண்பனி

எல்லாரும் பூட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். இரண்டு குழந்தைகள், பெரியவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 3. காலை 5 மணிக்கு எழுந்தால் சமையல், பள்ளி, அலுவலகம், மறுபடி சமையல், வீட்டுப்பாடம். சின்னவன் தூங்க 10.30 ஆகிறது. அதற்குப் பிறகுதான் என்னை யாரும் அழைக்காத நேரம் வருகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் ரீல்ஸ் பார்க்கிறேன், புடவை பார்க்கிறேன், பள்ளித் தோழிகளின் படம் பார்க்கிறேன். தூக்கம் குறைகிறது என்பது எனக்கும் தெரியும். போனைக் கூடத்தில் வைத்தால் எனக்குத் தூக்கம் கிடைக்கலாம். ஆனால் ஒரு நாளில் எனக்கென்று இருந்த ஒரே மணி நேரமும் போய்விடும். இந்தக் கணக்கை உங்கள் வரைபடம் காட்டாது.

நிழற்கோடு

வெண்பனி, நீங்கள் சொல்வது நியாயம். வேறு எதுவும் தடுக்காதபோதும் படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும் பழக்கத்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனோடு அது தொடர்புடையது என்றார்கள். ஆனால் உங்கள் நிலையில் இருப்பவரிடம் கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்கக் கட்டுப்பாட்டைத்தானே செலவழிக்கிறீர்கள்?

ஒன்று மட்டும் பாருங்கள். அந்த மணி நேரத்தை எடுத்துவிட வேண்டாம். ஆனால் முடிவுள்ள ஒன்றால் நிரப்பிப் பாருங்கள். ஒரு சிறுகதை முடியும், ஒரு தொடரின் ஓர் அத்தியாயம் முடியும், தோழியுடன் பேசும் அழைப்பு முடியும். முடியும் இடத்தில் “போதுமா” என்று மனம் தன்னையே கேட்கும். ரீல்ஸில் அந்த இடமே கிடையாது, அப்படித்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். பார்ப்பதையும் படுக்கையில் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். தூக்கமின்மைக்கான சிகிச்சையில் 1970களிலிருந்தே சொல்லப்படும் விதி அது: கட்டில் தூங்குவதற்கு மட்டும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது எழுந்து போகத் தோன்றும். படுத்திருந்தால் எழ வேண்டியதே இல்லை, கை மட்டும் தள்ளிக்கொண்டிருக்கும்.

வெண்பனி

நாற்காலி யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். சிறுகதையை ஏற்க முடியவில்லை. அந்த நேரத்தில் ஒரு பக்கம் படிக்கக்கூட மூளை ஒத்துழைக்காது, அதனால்தான் ரீல்ஸ். இதற்கு விடை போனில் இல்லை, இரவுப் பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள் என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 9.30க்கு எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் 10.30க்கு நானே தூங்கிவிடுவேன்.

சுந்தரபவனம்

அதை நீங்கள் வீட்டில் இப்படியே சொல்ல வேண்டும் அம்மா. என் மருமகள் சொன்னாள். இப்போது இரவுச் சமையலறை மகனுடையது.

இரவுப்பணி_செவிலி

எனக்கும் யாராவது வழி சொல்லுங்கள். வாரம் மாற்றி வாரம் இரவு 8 முதல் காலை 8 வரை பணி. வீட்டுக்கு வந்து 9.30க்குப் படுப்பேன், 11.30 வரை போன். என்னுடைய நள்ளிரவு காலை 9.30தான், ஆனால் போனுக்கு அது புரியாது. இரவு அட்டவணை போட்டால் பணி நேரத்தில் பூட்டிக்கொள்கிறது. மருந்து அளவு பார்க்க உலாவி வேண்டும்.

நிழற்கோடு

உங்களுக்கு அட்டவணை சரிவராது. Focus mode-ஐ நேரம் குறிக்காமல் வைத்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கையாலேயே இயக்குங்கள். விரைவுப் பட்டையில் அதற்கான பொத்தானைச் சேர்க்க முடியும். அலாரம் அடித்து எழுந்ததும் அணைக்க வேண்டும். கையால் செய்ய வேண்டியது என்பதால் மறந்துபோகும் வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் எனக்கு நல்ல வழி தெரியவில்லை. மாறும் பணி நேரத்தில் வேலை செய்யும் வேறு யாராவது சொன்னால் நானும் கற்றுக்கொள்வேன்.

நீலவானம்

நிழற்கோடு சொன்ன பிறகு என் போனையும் மணிவாரியாகப் பார்த்தேன். மஞ்சள் திரையில் நள்ளிரவு 12.50 வரை போயிருக்கிறது. ஆனாலும் மஞ்சள் திரை கண்ணுக்கு இதம் என்பதை விட மாட்டேன்.

நிழற்கோடு

விட வேண்டாம், அது கண்ணுக்கு இதம்தான். 10.45க்குக் கீழே வைக்கும் வரை மஞ்சளாகவே இருக்கட்டும்.

கரையோரம்

சில வாரங்கள் கழித்து வந்திருக்கிறேன். Focus mode இரவு 10.45க்கு, குரோமும் உள்ளே. முதல் சில இரவுகளில் இடைவேளைப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். பட்டியலில் Settings-உம் 11 மணிக்கு வந்தது, நீங்கள் சொன்ன அதே அடையாளம். பிறகு சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றினேன். அப்பாவை இரவில் அழைக்கச் சொல்லிச் சோதித்தோம், கதவு மூடியிருந்தும் கேட்டது. நாட்காட்டியில் குறித்ததைப் பார்த்தால், வேலை நாட்களில் போனை வைக்கும் நேரம் இப்போது பெரும்பாலும் 11 மணியை ஒட்டி நிற்கிறது. நாள் சராசரி 3 மணி 30 நிமிடமாக ஏறிவிட்டது, ஏனென்றால் மதியம் தாராளமாகப் பார்க்கிறேன். காலைத் தலைப்பாரம் குறைந்திருக்கிறது.

சனிக்கிழமைதான் சிக்கல். மறுநாள் விடுமுறை என்பதால் போனை உள்ளே கொண்டுவந்துவிடுகிறேன், 1.30 ஆகிறது. ஞாயிறு இரவு 11 மணிக்குத் தூக்கமே வருவதில்லை, திங்கள் காலை பழையபடி.

நிழற்கோடு

சனிக்கிழமையையும் பூட்டுங்கள் என்பதே என் கருத்து. ஞாயிறு காலை தாமதமாக எழுவதால் அன்றிரவுத் தூக்கம் தள்ளிப்போகிறது. எவ்வளவு நேரமானாலும் ஞாயிறன்று 7 மணிக்குள் எழுந்துவிட்டால் பாதி சரியாகும்.

வெண்பனி

நான் ஒப்பவில்லை. வாரத்தில் ஓர் இரவாவது விருப்பம் போல இருக்கட்டும். எல்லா இரவையும் பூட்டினால் ஒரு மாதத்தில் மொத்த ஏற்பாட்டையும் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

கரையோரம்

இந்தச் சனிக்கிழமை பூட்டாமல் விட்டு, ஞாயிறு 7 மணிக்கு எழுந்து பார்க்கிறேன். அடுத்த சனிக்கிழமை பூட்டிப் பார்க்கிறேன். இரண்டு திங்கட்கிழமைகளையும் ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.